15 அடி அகல வீடு, இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர்: ஜன்னல் எங்கே வைப்பது?

ரெண்டுசென்ட்
எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் 15-க்கு 60 அடி மனை, கிழக்குப் பார்த்தது. தெற்கே ஏற்கெனவே இரண்டு மாடி வீடு, எங்கள் எல்லையை ஒட்டியே எழுப்பியிருக்கிறார்கள். வடக்கே இப்போது காலி மனை, முள்ளுச்செடி நிற்கிறது. பின்னால் மேற்கே பாளையங்கால்வாய்க் கரை, கட்டடம் எதுவும் இல்லை.

வரைபடத்தில் முன்னால் 5 அடி விட்டு, பட்டாசல் 15, படுக்கையறை 10, நடுவில் 6 அடிக்கு ஏதோ சாமான் அறை, அடுத்த படுக்கையறை 10, கடைசியில் அடுக்களை 9, பின்னால் 5 அடி காலி. தெற்குச் சுவரை ஒட்டி மூன்றரை அடி நடை, முன்னாலிருந்து பின்வாசல் வரை. படி முன்பக்கம் வெளியே. குளியலறை பின்வாசல் ஓரத்தில்.

இரண்டு படுக்கையறைக்கும் ஜன்னல் வடக்குச் சுவரில் காட்டியிருக்கிறார்கள். "காலி மனைதானே, காற்று பிச்சிக்கிட்டு வரும்" என்கிறார் வரைந்தவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது, சுவர் எழும்பவில்லை. இப்போது மாற்றினால்தான் உண்டு.

கொத்தனார்மகன்
தம்பி, தாராளமாக வடக்கில் வையுங்க. வடக்கு ஜன்னலில் வருசம் முழுக்க வெயிலே அடிக்காது, வெளிச்சம் மட்டும் வரும். எங்க அப்பா கட்டின வீடெல்லாம் அப்படித்தான். சன்ஷேடு கூட வேண்டாம், காசு மிச்சம்.

தென்காசிச்சாரல்
ரெண்டு பக்கமும் திறந்த இடம் இருந்தால் எதிரெதிர் ஜன்னல் வைப்பதுதான் சரி. எங்கள் வீட்டில் தெற்கிலும் வடக்கிலும் நாலு நாலு ஜன்னல். குற்றால சீசனில் போர்வை இல்லாமல் தூங்க முடியாது.

ரெண்டுசென்ட்
அண்ணாச்சி, இரண்டு பக்கமும் திறந்த இடம் இல்லை என்பதுதான் கேள்வியே :)

தென்காசிச்சாரல்
ஓ, சரி சரி. தலைப்பைப் பாதிதான் படித்தேன்.

தட்டோடி
கட்டட வரைவு வேலையில் முப்பது வருடம் இருந்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் வடக்கு ஜன்னல். அந்த முள்ளுச்செடி மனையை இன்னும் இரண்டு வருடத்தில் யாராவது வாங்குவார். வாங்கியவர் உங்கள் தெற்கு வீட்டுக்காரர் செய்ததையே செய்வார், எல்லையில் சுவர் வைப்பார். உங்கள் இரண்டு படுக்கையறையும் அன்றைக்கே குகை. "எனக்கு வெளிச்ச உரிமை உண்டு" என்று வழக்குப் போடலாமே என்றால், 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டப்படி அந்த உரிமை வர 20 வருடம் தடையில்லாமல் அனுபவித்திருக்க வேண்டும். இரண்டு வருட ஜன்னலுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் அடுத்தவன் மனையைக் கடன் வாங்கி வீட்டைத் திட்டமிடாதீர்கள். வடக்குச் சுவர் முழுச் சுவர் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

கொத்தனார்மகன் தம்பி சொன்னது பாதி சரி. வடக்கே வெயில் குறைவு என்பது வடநாட்டில் பொருந்தும். நாம் இருப்பது பூமத்தியரேகைக்கு வடக்கே 8.7 பாகையில். சித்திரை பிறப்பையொட்டி சூரியன் நம் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும், ஆவணி நடுவில்தான் தெற்கே திரும்பும். வெயில் கொளுத்துகிற வைகாசியில் நடுப்பகல் வெயில் வடக்குச் சுவரில்தான் விழும். ஆனால் ரொம்ப உயரத்திலிருந்து விழுவதால் ஒன்றரை அடி சன்ஷேடே போதும். சன்ஷேடே வேண்டாம் என்பது தப்பு.

இப்போது விஷயம். அந்த 6 அடி சாமான் அறையின் கூரையை எடுத்துவிடுங்கள். அது முற்றமாகட்டும்.

ரெண்டுசென்ட்
அக்கா, 900 சதுர அடியில் முற்றத்துக்கு 55 சதுர அடி போகுமே? வீட்டில் சண்டை வரும்.

தட்டோடி
வரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். வெளிக்காற்றைத் தொடும் சுவர் உங்கள் வீட்டில் இரண்டே இரண்டு: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இடையில் 50 அடி. பகலில் எல்லாக் கதவையும் திறந்து வைத்தால் காற்று ஓடும். ராத்திரி படுக்கையறைக் கதவைச் சாத்துவீர்கள் இல்லையா? அங்கேதான் பழைய வீட்டு ஞானம் உடைந்துபோகிறது. தெருவில் நின்றால் நடை, பட்டாசல், ரெண்டாங்கட்டு தாண்டிப் புறவாசல் தெரிகிற நம்ம ஊர் வீடுகளில் தனி அறை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எல்லோரும் பட்டாசலில் காற்றின் வழியிலேயே பாய் போட்டார்கள். நாம் அறையைத் தடுத்துவிட்டு, அதே நேர்வாசல் காற்றை எதிர்பார்க்கிறோம்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். கதவைச் சாத்திய பிறகு அந்த அறைக்குக் காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது? இரண்டுக்கும் பதில் இல்லாத அறையில் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் பிரயோசனம் குறைவு.

உங்கள் மனைக்கு அதிர்ஷ்டம் பின்னால் இருக்கிறது. ஆனியிலிருந்து புரட்டாசி வரை நமக்கு மேற்குக் காற்று. கணவாய் வழியாக வருகிற அதே காற்றுக்குத்தான் முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலை நிற்கிறது. உங்களுக்கு அது கால்வாய்க் கரை பக்கமிருந்து பின்வாசலில் மோதும். பின்வாசலுக்குக் கம்பிக் கதவு வைத்தால் மூன்றரை அடி நடை முழுவதும் காற்று வாய்க்கால்தான். அதே காற்று கூரைக்கு மேலே ஓடும்போது முற்றத்து வாயிலிருந்து காற்றை மேலே இழுக்கும். ஆக, நடையில் தள்ளுகிறது, முற்றத்தில் இழுக்கிறது. படுக்கையறை அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நடை பக்கம் கதவுக்கு மேலே ஒன்றரை அடி உயரத்துக்குத் திறந்து மூடுகிற வெண்டிலேட்டர், முற்றத்துப் பக்கம் பெரிய ஜன்னல். கதவைச் சாத்தினாலும் மேலே நுழைந்து ஜன்னல் வழியே போகும்.

வெண்டிலேட்டருக்குக் கண்ணாடியை நிரந்தரமாகப் பதித்துவிடுவார்கள், கவனம். வெளிச்சம் வரும், காற்று வராது. நம்ம ஊரில் பாதி வீட்டில் இதுதான் கதை.

மேலப்பாளையத்தான்
அக்கா சொல்வதைக் கேட்டுத் தயவுசெய்து ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலும் நடுவில் முற்றம் விட்டோம், 5-க்கு 7. முதல் ஐப்பசி மழையில் தண்ணீர் தெறித்தது என்று மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு நாலு பக்கமும் சிலிக்கான் வைத்து அடைத்தார் வெல்டிங்காரர். வெளிச்சம் பிரமாதம். சித்திரையில் அந்த முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. பக்கத்து அறையில் மின்விசிறி போட்டால் அந்த அனலைத்தான் இழுத்து அடிக்கிறது. ஷீட்டைக் கழற்றலாம் என்றால் என் மனைவி மழைக்குப் பயப்படுகிறாள். இரண்டு வருடமாக இந்தப் பஞ்சாயத்து.

தட்டோடி
தம்பி, ஷீட்டைக் கழற்ற வேண்டாம், தூக்குங்கள். கைப்பிடிச் சுவருக்கு மேலே நாலு மூலையிலும் இரும்புக் கால் நட்டு ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் ஷீட்டை வையுங்கள். சுற்றிலும் திறந்தே இருக்கட்டும். ஷீட் நாலு பக்கமும் ஓர் அடி வெளியே நீண்டால் நேர்மழை உள்ளே வராது. சாய்மழையில் கொஞ்சம் தெறிக்கும், அதற்கு முற்றத்துத் தரை அரை அடி தாழ்ந்து சாய்வோடு இருந்தால் போதும். காற்று வெளியேறும் வழியை அடைத்ததுதான் உங்கள் பிரச்சினை. ஷீட் மேல் பழி இல்லை.

மேலப்பாளையத்தான்
தூக்குவது தோன்றவே இல்லை. வெல்டிங்காரரைக் கூப்பிடுகிறேன்.

துபாய்_நெல்லை
ஒரு சந்தேகம். முற்றத்துக்கும் நடைக்கும் நடுவில் சுவர் வேண்டுமா? எங்கள் தாத்தா வீட்டில் முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் திறந்துதான் இருக்கும், தூண் மட்டும். அதுதானே முற்றத்தின் அழகே. ஊரில் அண்ணன் மேற்பார்வையில் நானும் கட்டப்போகிறேன், அதனால் கேட்கிறேன்.

தட்டோடி
அழகு சரிதான். ஆனால் இந்த வீட்டில் அதைச் செய்தால் பின்வாசலில் நுழைந்த காற்று நடையில் பதினைந்து, இருபது அடி வந்து நேராக முற்றத்தில் ஏறிப் போய்விடும். அறைக்குள் நுழைய அதற்கு என்ன அவசியம்? நடையிலும் முற்றத்திலும் காற்றழுத்தம் ஒன்றாகிவிட்டால் வெண்டிலேட்டரில் ஒரு அசைவும் இருக்காது. அதனால் நடைக்கும் முற்றத்துக்கும் நடுவில் திறந்து மூடும் கதவு, மேலே கண்ணாடி. பகலில் திறந்து தாத்தா வீடு மாதிரி உட்காருங்கள். ராத்திரி அதைச் சாத்தினால் காற்று அறை வழியாகத்தான் போயாக வேண்டும்.

துபாய்_நெல்லை
மனசு கேட்கவில்லை அக்கா. நான் திறந்தே விடப் போகிறேன். எங்களுக்கு மனை 30 அடி அகலம்.

தட்டோடி
30 அடி என்றால் பக்கவாட்டிலேயே இடம் விடலாம், உங்கள் கதை வேறு. திறந்தே விடுங்கள்.

ரெண்டுசென்ட்
அக்கா, காற்று புரிகிறது. வெளிச்சம்? 6 அடி முற்றம் கிணறு மாதிரி இருட்டாகாதா?

தட்டோடி
நல்ல கேள்வி. இதற்கு ஒரு சோதனை. அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். ஒரு துண்டு வானம் தெரிந்தால் பகலில் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்கலாம். எதிர்ச்சுவர் மட்டும் தெரிந்தால் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் உங்களுக்கு.

உங்கள் வீட்டில் இதைக் கணக்காகப் போடலாம். உட்கார்ந்தவர் கண் தரையிலிருந்து 4 அடி. முற்றத்துப் பக்கச் சுவர் விளிம்பிலிருந்து 5 அடி உள்ளே உட்கார்ந்திருக்கிறார், ஏறக்குறைய அறையின் நடு. எதிர்ச்சுவர் இன்னும் 6 அடி தள்ளி. எதிரே கூரையின் மேல்மட்டம் 10½ அடி, அதற்கு மேலே 3 அடி கைப்பிடிச் சுவர், ஆக 13½.

ஜன்னலை வழக்கம்போல 7 அடி லிண்டலில் நிறுத்தினால், கண்ணுக்கும் ஜன்னல் தலைக்கும் 3 அடி வித்தியாசம், 5 அடி தூரத்தில். அதே கோட்டை நீட்டினால் எதிர்ச்சுவரில் 10.6 அடியில் போய் முட்டும். சுவர் 13½ இருக்கிறது. வானமே இல்லை.

ஜன்னல் தலையை 9 அடிக்கு ஏற்றுங்கள். வித்தியாசம் 5 அடி, எதிர்ச்சுவரிடம் 15 அடியில் போகும். கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒன்றரை அடி வானம். இரண்டு அடி லிண்டல் உயரத்துக்கு இவ்வளவு வித்தியாசம்.

இன்னொன்று. முற்றத்தைச் சுற்றி மாடியில் செங்கல் கைப்பிடிச் சுவர் வேண்டாம், நெருக்கமான நேர்க் கம்பி வையுங்கள். அந்த 3 அடியும் வானத்துக்குக் கிடைக்கும். படுக்கைக் கம்பி வைத்தால் பிள்ளைகள் ஏணியாக்கிவிடும்.

முற்றத்துச் சுவர் வெள்ளை. கிரீமும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், வெள்ளை. மழையில் பாசி பிடித்துக் கறுத்தால் வெளிச்சம் குறைந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை அடிக்க வேண்டியிருக்கும். கீழே 4 அடிக்கு வெள்ளை டைல் ஒட்டினால் தெறிக்கிற அழுக்கைக் கழுவிவிடலாம்.

கொத்தனார்மகன்
9 அடி லிண்டல்னா ஜன்னலே ஆள் உயரத்துக்கு மேல ஆகும். வழக்கமா 3 அடியில் அடிக்கட்டை, 7 அடியில் லிண்டல், 4 அடி ஜன்னல். அதை அப்படியே மேலே தூக்கினா 5 அடியில ஆரம்பிக்கும். கட்டிலில் படுத்தவனுக்கு என்ன காற்று வரும்?

தட்டோடி
சரியான கேள்வி தம்பி, இதைத்தான் நான் விட்டுவிட்டேன். தூக்குவது இல்லை, நீட்டுவது. கீழ் மட்டம் 2 அடி, மேல் மட்டம் 9 அடி, நடுவில் 7 அடியில் ஒரு குறுக்குச் சட்டம். கீழே கதவு மாதிரித் திறக்கும் பகுதி, மேலே தனியாகத் திறக்கும் பகுதி. கட்டில் மெத்தையோடு 2 அடி என்றால் காற்று உடம்பைத் தொட்டுப் போகும். 3 அடிச் சுவர் வைத்தால் தலைக்கு மேலே போய்விடும். மேல்பகுதி வெளிச்சத்துக்கு. கூரையடியில் தேங்குகிற சூட்டையும் அதுதான் வெளியே விடும்.

தள்ளுகிற ஜன்னல் விற்பார்கள். 4 அடி ஜன்னலில் எந்நேரமும் 2 அடிதான் திறக்கும். பணம் 4 அடிக்கு. காற்று முக்கியம் என்றால் முழுசாகத் திறக்கும் கதவு ஜன்னல்தான்.

ரெண்டுசென்ட்
கால்வாய்க் கரை என்பதால் கொசு பயங்கரம். வலை இல்லாமல் முடியாது.

தட்டோடி
வலை போட்டால் காற்று நன்றாகவே குறையும், மெல்லிய காற்றில் இன்னும் அதிகமாக. அதனால் வலையை ஜன்னலில் போடாமல் பின்வாசல் கம்பிக் கதவிலும், முன் ஜன்னலிலும், முற்றத்து வாயிலும் போடுங்கள். முற்றத்து வாய் பெரியது, அங்கே வலை இருந்தாலும் நெரிசல் இல்லை. உள்ளே அறை ஜன்னலும் வெண்டிலேட்டரும் வலை இல்லாமல் இருக்கலாம். முற்றத்து வடிகாலில் தண்ணீர் நின்றால் மட்டும் கொசுவை வீட்டுக்குள்ளேயே வளர்த்ததாகிவிடும், வாரம் ஒருமுறை பாருங்கள்.

அடுக்களைப்பூனை
யாரும் அடுக்களையைப் பற்றிப் பேசவில்லையே! மேற்குக் கடைசியில் அடுக்களை, மேற்கிலிருந்து காற்று. ஆடி மாதம் கருவாடு வறுத்தால் பட்டாசலில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி வரைக்கும் போகும். எங்கள் வீட்டில் அப்படித்தான். வெளியே தள்ளும் விசிறி மேற்குச் சுவரில், காற்று எதிரே அடித்து மடல் மூடிக்கொள்ளும், புகை முகத்தில்.

ரெண்டுசென்ட்
ஐயோ. அம்மாவுக்குப் பின்னால்தான் அடுக்களை வேண்டும்.

தட்டோடி
பூனை அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. இதற்கு இரண்டு வழி. அடுக்களையை முன்னால் தென்கிழக்கு மூலைக்குக் கொண்டுவருவது ஒன்று. மேற்குக் காற்றுக்கு அது கடைசி அறை, புகை தெருவோடு போய்விடும். சாஸ்திரக்காரர்களும் அக்கினி மூலை என்று சந்தோஷப்படுவார்கள். பின்னால்தான் வேண்டும் என்றால், நடைக்கும் அடுக்களைக்கும் நடுவில் தானே மூடிக்கொள்ளும் கதவு வைத்து, புகையை மேற்குச் சுவரில் தள்ளாமல் அடுப்புக்கு மேலே குழாய் வைத்துக் கூரைக்கு மேலே விடுங்கள். பழைய வீட்டுப் புகைக்கூண்டு காற்றைப் பார்த்துத் திறக்காமல் மேலே போனதன் காரணம் இதுதான். அம்மாவிடம் கேட்டுச் செய்யுங்கள், நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

தென்காசிச்சாரல்
சீசன் காற்று சரி. சித்திரை வைகாசியில் ஒரு இலை கூட அசையாதே பாளையங்கோட்டையில்?

தட்டோடி
அசையாது. அந்த இரண்டு மாதம் இந்த அமைப்பு முழுசாக வேலை செய்யும் என்று சொன்னால் பொய். மொட்டை மாடிச் சூடு இறங்கும் ராத்திரிகளில் முற்றம் வழியாகச் சூடு மேலே ஏறும், அவ்வளவுதான். மின்விசிறி சுற்றித்தான் ஆக வேண்டும். கூரைக்கு வெள்ளை அடிப்பது அந்த மாதங்களுக்கு ஜன்னலைவிட அதிகம் உதவும்.

ரெண்டுசென்ட்
நேற்று சாயந்திரம் மனையில் போய்ச் சோதித்தேன். 15 அடி மூங்கிலில் 9 அடியிலும் 13½ அடியிலும் சிவப்புத் துணி கட்டி, எதிர்ச்சுவர் வரப்போகிற இடத்தில் ஒருவன் பிடித்துக்கொண்டான். இந்தப் பக்கம் ஜன்னல் இடத்தில் இன்னொரு கம்பு, அதில் 7-லும் 9-லும் அடையாளம். 5 அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். 7 அடி அடையாளத்துக்குக் கீழே பார்த்தால் 13½ துணி தெரியவே இல்லை. 9-க்கு மாற்றியதும் துணிக்கு மேலே ஒரு சாண் வானம். கொத்தனார் சிரித்தார், அப்புறம் அவரும் உட்கார்ந்து பார்த்தார்.

காற்றுக்கு, இதே தெருவில் பின்பக்கம் கால்வாய் பார்த்த சித்தப்பா வீட்டில் ஊதுபத்தி கொளுத்தினேன். படுக்கையறைக் கதவைச் சாத்தி வெண்டிலேட்டர் அருகே பிடித்தால் புகை நேராக மேலே போகிறது. உற்றுப் பார்த்தால் கண்ணாடி பதித்த வெண்டிலேட்டர். கதவை ஒரு கை அகலம் திறந்ததும் புகை உள்பக்கம் படுத்துவிட்டது.

முற்றம் முடிவு. லிண்டல் 9. அடுக்களை இன்னும் பேச்சுவார்த்தையில்.

இப்போது புதுப் பிரச்சினை. மூன்று வருடம் கழித்துத் தம்பிக்கு மேலே ஒரு மாடி எடுக்க வேண்டும். அப்போது முற்றச் சுவர் 20 அடியைத் தாண்டுமே?

தட்டோடி
தாண்டும். கீழே வானம் போய்விடும். பாதி வீட்டுக்கு மட்டும் மாடி எடுங்கள். முன்பாதிக்கு எடுத்தால் முன் படுக்கையறைக்கு எதிரே இருப்பது பின்பாதியின் தாழ்ந்த கூரை, அதற்கு வானம் தெரியும். பின் படுக்கையறைக்கு எதிரே மாடிச் சுவர் நிற்கும், அது பகலில் மங்கும். எதை இழப்பது என்று இப்போதே முடிவு செய்து, மாடி வரும் பாதிக்கு மட்டும் அஸ்திவாரமும் தூணும் கனமாக வையுங்கள்.

ரெண்டுசென்ட்
பின் அறை அம்மா அறை. முன் அறை எனக்கு.

கொத்தனார்மகன்
அப்போ மாடியைப் பின்பாதியில் எடுத்திருங்க.

தட்டோடி
அப்படிச் செய்தால் கூரைக்கு மேல் வரும் மேற்குக் காற்று முதலில் மாடிச் சுவரில் மோதும். முற்றத்து வாயில் இழுப்பு எப்படி இருக்கும் என்பதைக் கட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அம்மா பகலில் பட்டாசலில் இருப்பவரா, அறையில் இருப்பவரா?

ரெண்டுசென்ட்
பகல் முழுக்க அறையில். பூத்தொடுப்பார், கண் கொஞ்சம் மங்கல்.

தட்டோடி
அப்படியானால் அறையை மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி. மாடி முன்பாதியிலேயே இருக்கட்டும், அம்மா முன் அறைக்கு வரட்டும். தூண் குழி எத்தனை அடி தோண்டியிருக்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள், நாளைக்குப் பார்க்கிறேன்.